கரப்பனும் கிருமிநாசினிச் சவர்க்காரமும்

பிள்ளையின் முழங்கை மடிப்பில் கரப்பன் வந்தால் எம்மவர் முதலில் தேடுவது கிருமிநாசினிச் சவர்க்காரத்தைத்தான். இது தேவையில்லை என்பதே எமது கருத்து.

தோலில் இடத்துக்கிடம் வெவ்வேறு பற்றீரியாக்கள் வாழ்கின்றன. எண்ணெய்ப்பசையான நெற்றியில் வாழ்பவை அந்த எண்ணெயைக் கொழுப்பமிலமாக்கித் தோலைப் புளிப்பாக்குகின்றன. வெளிக்கிருமிகள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. வரண்ட முன்கையில் வகைகள் பல, தொகையோ குறைவு. ஈரமான மடிப்பில் வாழும் ஸ்ரைபிலோகொக்கஸ் ஹொமினிஸ் போன்றவற்றில் சில, புண்ணைச் சீழாக்கும் ஓரியஸ் கிருமியைக் கொல்லும் பொருளையே சுரக்கின்றன. கரப்பன்காரரிடம் இந்தக் காவல் ஏற்கெனவே குறைவு என்று 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மிச்சத்தையும் ஏன் கழுவ வேண்டும்?

வாசனையற்ற மென்மையான சவர்க்காரம், ஈரம் காயமுன் கிறீம், வைத்தியர் தந்த மருந்து போதும். மஞ்சட் பொருக்கோ நீர்க்கசிவோ கண்டால் ஓரியஸ் பெருகியிருக்கலாம்; உடனே காட்டுங்கள்.