முகம் வீங்கிய கோழி... காலராவா, கொரைசாவா?

போன மாதம் சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. முட்டைக்கோழி ஒன்றின் கண்ணுக்குக் கீழே பந்துபோல வீக்கம், மூக்கில் சளி. போட்டோவில் தெரியாத ஒன்றை போனில் சொன்னார்: ``கூண்டைத் திறந்தாலே அழுகின நாத்தம் கண்ணு. காலராவா இருக்குமோன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.''

நாமக்கல் பக்கம் சித்தி வீட்டில் 22 கோழிகள். சந்தையில் புதிதாக நான்கு வாங்கி, அன்றைக்கே அதே கூண்டில் விட்டிருக்கிறார். மூன்றாம் நாள் இரண்டு கோழிகள் தும்மின. ஒரு வாரத்தில் பாதிக் கோழிகளுக்கு முகம் வீங்கிவிட்டது. தினமும் 15 முட்டை கிடைத்த இடத்தில் எட்டுதான். ஆனால், ஒன்றுகூடச் சாகவில்லை.

``சாகலைங்கிறதுதான் முக்கியமான துப்பு'' என்றார் பார்க்க வந்த கால்நடை மருத்துவர்.

எது எந்த நோய்?

கோழிக் காலரா பெரும்பாலும் திடீரென்று அடிக்கும். நேற்று மாலை தீவனம் தின்ற கோழி காலையில் செத்துக் கிடக்கும். கொண்டை கருநீலமாகும், பச்சையாகக் கழியும். நோய் நாள்பட்டு நீடித்தால் தாடை வீங்கும், கால் மூட்டு வீங்கி நொண்டும். (மனிதர்களுக்கு வரும் காலராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிருமியே வேறு.)

கொரைசா என்பது தொற்றுச் சளி. கிருமி நுழைந்த ஒன்று முதல் மூன்று நாளில் தும்மல் தொடங்கும். கண்ணைச் சுற்றி முகம் வீங்கும். முதலில் தண்ணீராக ஒழுகும் சளி கெட்டியாகும்போதுதான் அந்த நாற்றம். மளமளவென்று பரவும், முட்டை குறையும், சாவு குறைவு.

சித்தி வீட்டுக் கோழிகளின் அறிகுறிகள் கொரைசாவுக்குத்தான் பொருந்தின. ஆனாலும் மருத்துவர் மருந்து தருவதற்கு முன்பே, வீங்கிய கோழியின் மூக்குச் சளியைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். இரண்டு நோயும் ஒன்றாகவும் வரலாம். பறவைக் காய்ச்சலிலும் முகம் வீங்கும் என்பதால், கொத்தாகக் கோழிகள் செத்தால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மருந்து கொடுத்தும் திரும்ப வந்தது ஏன்?

ஆய்வக முடிவும் கொரைசா என்றே வந்தது. மருந்தைக் குடிநீரில் கலந்து ஐந்து நாள் கொடுக்கச் சொன்னார். வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கண் மூடிப்போய்த் தண்ணீரே குடிக்காத மூன்று கோழிகளுக்கு மட்டும் ஊசி. மருந்து முட்டையிலும் இறங்கும் என்பதால், அந்த நாட்களிலும் அதன் பிறகு அவர் குறித்துக் கொடுத்த நாட்கள் வரைக்கும் கிடைத்த முட்டைகளைச் சித்தி குழியில் போட்டு மூடினார். பேத்திக்குத் தினமும் அவித்துக் கொடுக்கும் முட்டைகள் அவை.

வீக்கம் வடிந்தது, முட்டையும் ஏறியது. மூன்றே வாரம்... மறுபடியும் தும்மல்!

மருந்து நோயை அடக்குமே தவிர, கிருமியை முழுசாக ஒழிக்காது. குணமான கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். சந்தையில் வாங்கிய அந்த நான்கும் அப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

``பேசாம சந்தையில தள்ளிரட்டுங்களா?'' என்று கேட்டார் சித்தி.

``உங்களுக்கு எப்படி வந்துச்சோ, அதேபோல இன்னொரு வீட்டுக்குப் போகும்மா'' என்றார் மருத்துவர்.

சித்தி எடுத்த முடிவு

மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, புதுக் கோழியோ குஞ்சோ சேர்க்காமல், இருப்பதை முட்டைக் காலம் முடியும்வரை வளர்ப்பது. அவ்வப்போது நோய் தலைகாட்டும். இன்னொன்று, மொத்தமாகக் காலி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது.

சித்தி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மறுபடி மருந்து, மறுபடி முட்டையைக் குழியில் போடுவது என்று ஓட்ட அவருக்கு மனசில்லை. முதலில் கொடுத்த மருந்துக்கான காத்திருப்பு நாட்கள் முடிந்திருந்ததால், தேறி நின்ற கோழிகளை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு வீட்டிலேயே கறிக்கு எடுத்தார்கள். தேறாதவற்றை ஆழமாகப் புதைத்து சுண்ணாம்பு போட்டார்கள். கொரைசா கிருமி கோழியின் உடம்புக்கு வெளியே சில நாட்களே தாங்கும். அதனால் கூண்டைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, மூன்று வாரம் காலியாகப் போட்டிருக்கிறார்.

அடுத்து வாங்கப்போவது ஒரே இடத்தில், ஒரே வயதுக் குஞ்சுகள். முட்டை விடும் முன்பே, சில வார இடைவெளியில் இரண்டு தவணை கொரைசா தடுப்பூசி. காலரா கிருமியை எலியும் கொண்டுவரும் என்பதால் தீவன மூட்டைக்கு மூடி போட்ட டிரம் வாங்கியாயிற்று.

நேற்று போனில் சித்தி சொன்னார்: ``இனி சந்தைக் கோழி வாங்குனா, ஒரு மாசம் தனிக் கூண்டுதான் கண்ணு. அதுக்கப்புறமும் யோசிச்சுத்தான் சேர்ப்பேன்.''