புது சிம் வாங்கினதும் நம்பரெல்லாம் காணோமா? பழைய கார்டைத் தூக்கிப் போடாதீங்க!

மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாகக் கையில் இருந்தது பட்டன் போன். மகன் ஸ்மார்ட்போன் வாங்கித் தருகிறார். பழைய பெரிய சிம் அதில் நுழையவில்லை. கடையில் அதே நம்பருக்குப் புது நானோ சிம் வாங்கிப் போடுகிறார்கள். போன் வேலை செய்கிறது, அழைப்பும் வருகிறது. ஆனால் கான்டாக்ட்ஸ் காலி. பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள், நூல் கடை, ஊரிலிருக்கும் அக்கா என யார் நம்பரும் இல்லை.

"கம்பெனியில கேட்டா எடுத்துக் கொடுப்பாங்கம்மா" என்கிறார் மகன். கொடுக்க மாட்டார்கள். காரணம், அவர்களிடமும் அது இல்லை.

நம்பர் வந்தது, நம்பர்கள் வரவில்லை. ஏன்?

உங்கள் மொபைல் எண் யாருடையது என்ற பதிவு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறது. அதனால்தான் எந்தப் புது கார்டுக்கும் அதை மாற்ற முடிகிறது. சிம்மில் நீங்கள் சேமித்த பெயர்ப் பட்டியல் அப்படியல்ல. அது அந்தக் கார்டின் சிப்புக்குள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும், நெட்வொர்க்குக்குப் போவதே இல்லை. புது கார்டு வெறும் கார்டாகத்தான் வரும்.

இதிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. பழைய கார்டு 'செயலிழந்துவிட்டது' என்றால் நெட்வொர்க் அதை ஏற்காது, அவ்வளவுதான். சிப்பில் உள்ள பட்டியல் அப்படியே இருக்கும். அதைப் படிக்க சிக்னல் தேவையில்லை.

எடுப்பது எப்படி?

பழைய கார்டு புது போனில் பொருந்தும் அளவு என்றால் வேலை சுலபம். கார்டைப் போட்டதும் 'No service' என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டில் கூகுள் கான்டாக்ட்ஸ் செயலியைத் திறந்து Organise, அதற்குள் Manage SIM போனால் பட்டியல் தெரியும். சேமிக்கும் இடமாக உங்கள் கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் Contacts பகுதிக்குள் Import SIM Contacts இருக்கிறது.

அந்த அம்மாவுடையது போலப் பெரிய கார்டு என்றால், அதைப் பழைய பட்டன் போனிலேயே திரும்பப் போடுங்கள். சிம்மில் உள்ளதையெல்லாம் போன் மெமரிக்கு நகல் எடுங்கள். பிறகு புது சிம்மை, அது வந்த பிளாஸ்டிக் சட்டத்திலேயே வைத்து, பட்டன் போனில் போட்டு, போன் மெமரியிலிருந்து சிம்முக்கு நகல் எடுங்கள். அந்தச் சிம்மை ஸ்மார்ட்போனில் போட்டு மேலே சொன்னபடி இறக்கிக்கொள்ளலாம். முப்பது நாற்பது நம்பர்தான் என்றால், பார்த்துப் பார்த்துக் கையால் ஏற்றுவதே வேகம். கத்தரிக்கோலால் கார்டை நறுக்கும் முயற்சி மட்டும் வேண்டாம். சிப்பில் கீறல் விழுந்தால் பட்டியலும் போச்சு.

பாதிதான் வந்தது என்றால்?

முன்னூறு பேர் இருந்த இடத்தில் இருநூறு சொச்சம்தான் வருகிறதா? பெரும்பாலும் மீதிப் பேர் பழைய போனின் மெமரியில் இருக்கிறார்கள். பழைய சிம்கள் பலவற்றில் 250 பேருக்குத்தான் இடம். அது நிறைந்ததும் பட்டன் போன் புது நம்பர்களைத் தன் மெமரியில் சேர்த்திருக்கும். அதனால் பழைய போனையும் அவசரப்பட்டு எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள்.

பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அவை சிம்மிலிருந்து வந்தவை என்று அர்த்தம். ஒரு பெயருக்குச் சிம்மில் கொஞ்சம் இடம்தான் உண்டு. பல கார்டுகளில் ஆங்கிலத்தில் சுமார் 14 எழுத்து, தமிழில் இன்னும் குறைவு. 'செல்வி அக்கா' வெறும் 'செல்வி' ஆகியிருந்தால், வெட்டுப்பட்ட பகுதி எங்கேயும் இல்லை. நினைவிருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பழைய சிம் பின் கேட்டால் ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொண்டு பியுகே எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் கார்டு நிரந்தரமாக முடங்கிவிடும். அடுத்து, சிம்மில் அழித்த நம்பரை மீட்டுத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நம்ப வேண்டாம். அழிக்கும்போதே அந்த இடம் வெற்றுக் குறிகளால் நிரப்பப்படுகிறது. அவை கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தால், இருக்கிற நம்பர்களும் வெளியே போகலாம்.

கடைக்காரர்களும் கவனிக்கலாமே

சிம் மாற்றித் தரும் கவுன்ட்டரில் பழைய கார்டைக் குப்பைக் கூடையில் போடுவது சாதாரணமாக நடக்கிறது. ஆதார், கைரேகை, ஓடிபி என்று இத்தனை கேட்பவர்கள், "நம்பர்களெல்லாம் சிம்லயா இருக்கு?" என்ற ஒரு கேள்வியையும் கேட்டு, பழைய கார்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். பட்டன் போனிலிருந்து இப்போதுதான் மாறுகிறவர்களில் பலர் நம் அப்பா அம்மாக்கள். அவர்களுக்கு அந்தப் பட்டியலின் நகல் வேறெங்கும் கிடையாது.

அதுவரை, வீட்டில் யாருக்காவது சிம் மாற்றப் போனால் பழைய கார்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். நம்பரெல்லாம் கூகுள் கணக்கில் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு தூக்கிப் போடலாம்.