‘நேரமும் வேலையும்’ எவ்வளவு நேர வேலை?

வடசேரியில் இருக்கும் எங்க மயினி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். ஜவுளிக்கடை வேலை போக, தினமும் 3 மணி நேரம்தான் கிடைக்கும். 200 கேள்விகளில் 25 திறனறிவுப் பகுதியில் வருகின்றன. அதில் கணக்குத் தலைப்புகள் பத்து. தலைப்புக்கு 2 மணி நேரம், மொத்தம் 20 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

“எப்படி மயினி எல்லாத்துக்கும் ரெண்டு?”

“ஒரு கணக்குதான் மக்கா!”

முதல் மூன்று தலைப்புகளைப் போன் ஸ்டாப்வாட்ச் வைத்துப் படிக்கச் சொன்னேன். தொடங்கும் முன்பே ‘முடிந்தது’ என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டோம்: பாடத்தைப் படித்து, 20 கணக்கு போட்டு, தப்பானவற்றைத் திரும்பச் செய்வது வரை. வாசிப்பதை மட்டும் அளந்தால் நேரம் குறைவாகத்தான் காட்டும். பால்காரர் வந்தால் கடிகாரத்தை நிறுத்தலாம். புரியாமல் பழைய புத்தகத்தைப் புரட்டும்போது நிறுத்தக் கூடாது. அதுவும் படிப்புதான்.

சதவீதம் 2 மணி 10 நிமிடம். தனிவட்டி 1 மணி 50 நிமிடம். ‘நேரமும் வேலையும்’ 5 மணி நேரம்! (பேரைப் பாருங்கள்.) 6 மணி நேரத்துக்குத் திட்டமிட்டது 9 ஆகிவிட்டது.

மீதி ஏழையும் ஒன்றரையால் பெருக்கினால் 21 மணி நேரம். மொத்தத்தை ஊகிக்க அது போதும், நாள்வாரி அட்டவணைக்கு உதவாது. சுலபமான தலைப்புக்கு நேரம் மிஞ்சும், கடினமானதற்குப் போதாது. அதனால் இனம் பிரித்தோம். சுருக்குதல், மீ.பெ.வ., மீ.சி.ம., விகிதம், பரப்பளவு ஐந்தும் மயினிக்குப் பள்ளியிலேயே பழக்கம், தலா 2. கூட்டுவட்டியும் கன அளவும் ‘நேரமும் வேலையும்’ ஜாதி; தலா 5.

ஒரு சந்தேகம் இருந்தது. முதல் இரண்டையும் விடியற்காலையில் படித்தவர், மூன்றாவதைக் கடைவிட்டு வந்து இரவு 9 மணிக்கு மேல்தான் எடுத்திருக்கிறார். அந்த 5 மணி நேரத்தில் பாடம் எவ்வளவு, அசதி எவ்வளவு? கூட்டுவட்டியைக் காலையில் வைத்துப் பார்த்தோம். மூன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆகவே கன அளவுக்கு 4 என்று திருத்தி, அதையும் காலைக்கு மாற்றினோம்.

இப்போது கூட்டினால் 26½ மணி நேரம். முதல் கணக்கைவிட 6½ கூடுதல், அதாவது இரண்டு நாளுக்குச் சற்று மேல். இப்படிக் குறைத்தே மதிப்பிடும் பழக்கத்தை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். மயினிக்கு அது பெரிதில்லை. இரண்டு நாளை எங்கே பிடிப்பது என்பதுதான் கவலை. கடைசியில் சும்மா விட்டிருந்த ஒரு வாரத்திலிருந்து எடுத்தார்.

திருப்புதலுக்கு இந்த எண்கள் செல்லாது. இரண்டாம் முறை படிக்க எவ்வளவு ஆகும் என்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். சதவீதத்தைத் திருப்ப 40 நிமிடம் போதும் என்று நோட்டில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.