வட்டி இல்லை, தாமதத்துக்கு விலை உண்டு

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் பட்டினச்சேரி மீனவர்களின் வருமானம் கடலின் நாள்காட்டியைப் பின்பற்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடன் தவணையோ மாதந்தோறும் ஒரே தேதியில் வரும். 'இப்போது வாங்கு, பிறகு செலுத்து' திட்டங்களை இந்த இடைவெளியில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் மார்ச் 5 அன்று ரூ.12,000 விலையில் கைப்பேசி வாங்குவதாகக் கொள்வோம். ரூ.4,000 வீதம் மூன்று தவணை, வட்டி இல்லை, செயலாக்கக் கட்டணம் ரூ.299, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.353. கடன் மாதந்தோறும் குறைவதால் சராசரி நிலுவை ரூ.8,000தான். அந்த அளவில் ரூ.353 என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 17.6 சதவீத வட்டிக்குச் சமம்.

அதே தொகையைக் கடன் அட்டையில் 15 சதவீத வட்டியில் மூன்று தவணையாக மாற்றினால் வட்டி ரூ.301. கட்டணம் ரூ.199 என்றால், இரண்டின் மீதான ஜிஎஸ்டியையும் சேர்த்து மொத்தச் செலவு ரூ.590. தேதி தவறாதவருக்கு முதல் திட்டமே மலிவு.

ஆனால் ஏப்ரல் தவணையைச் செலுத்தியவருக்கு மே 5, ஜூன் 5 இரண்டும் தடைக்காலத்தில் விழுகின்றன. கணக்கில் பணமின்றித் தானியங்கிப் பற்று திரும்பினால், கடன் நிறுவனம் ரூ.300 தாமதக் கட்டணம் விதிக்கலாம். வங்கியும் தனியாக ஜிஎஸ்டியுடன் ரூ.295 பிடிக்கலாம். இரு முறை தவறினால் ரூ.1,190. ரூ.353 ஆக இருந்த செலவு ரூ.1,543 ஆகிவிடுகிறது. ரூ.4,000 தவணை ஒரு வாரம் தாமதமானதற்கு ரூ.300 என்பது ஆண்டுக் கணக்கில் 390 சதவீதத்தைத் தாண்டும்.

அட்டையில் ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. கெடு முடிந்து மூன்று நாள்களுக்கு மேல் நிலுவை இருந்தால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பில் சுழற்சித் தேதியை மாற்றிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஆனால் தாமதம் வாரக்கணக்கில் நீண்டால் கட்டணத்துடன் நிலுவைக்கு உயர்ந்த வட்டியும் சேரும். அப்போது அட்டையே கூடுதல் சுமையாகலாம்.

கடனுக்கு முன் முக்கிய உண்மைகள் அறிக்கை தரப்பட வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்குப் பொதுவாக நடைமுறையில் உள்ளது. அதில் பெரிதாகத் தெரியும் ஆண்டு வட்டி வீதத்தில் தாமதக் கட்டணம் சேராது; அது தனி வரியில் இருக்கும். எனவே, முதலில் படிக்க வேண்டியது அந்த வரியை. அதை ஜூன் மாதத் தவணைத் தேதியுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். தடைக்காலத்தில் தவணை விழுந்தால், கொள்முதலை ஜூன் 15க்குப் பின் தள்ளுவதே இரண்டைவிடவும் மலிவு.