செவிலியரின் உறக்கமும் பணி அட்டவணையும்

மருத்துவமனைச் செவிலியரின் உடல்நலத்தைப் பேணுவதற்குத் திட்டம் வகுப்போர் பெரும்பாலும் சொற்பொழிவு, மூச்சுப்பயிற்சி, யோகாசனம் ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். இவை தீயன அல்ல. ஆயினும் செவிலியரின் உறக்கக்குறைவும் மனச்சோர்வும் அவர்தம் பழக்கத்தில் தோன்றுவதைவிட, வார்டுச் சுவரில் ஒட்டப்படும் பணி அட்டவணையிலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன. ஆகவே, அட்டவணையைத் திருத்துவதே இத்தகைய திட்டத்தின் முதல் வேலையாக இருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இதற்கான காரணம் உடலின் இயல்பிலேயே அமைந்துள்ளது. மூளையிலுள்ள உடற்கடிகாரம் ஒளியைக் கொண்டே நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரவில் மெலடோனின் என்னும் சுரப்புநீர் பெருகுகிறது. உடல் வெப்பம் இறங்கி, விடியற்காலை 4, 5 மணியளவில் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. கவனம் மிகத் தளரும் நேரமும் அதுவே. சில இரவுகள் தொடர்ந்து விழித்திருப்பதனால் இக்கடிகாரம் மாறிவிடுவதில்லை. காலையில் வீடு திரும்புகையில் கண்ணிற்படும் வெயில் அதனைப் பழைய நிலைக்கே இழுத்துவிடுகிறது. இரவுப் பணி முடித்தவரின் பகலுறக்கம் குறுகியதாகவும் கலைந்ததாகவும் இருப்பது இதனாலேயாம்.

நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் காலை 8 முதல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் காலை 8 வரை என மூன்று பணிமுறைகள் உள்ளன. காலைப் பணி முடித்த அன்றே இரவுப் பணிக்கு வரும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அவ்வாறு வரும் ஒரு செவிலியரைக் கருதுவோம். அவர் காலை 5.30 மணிக்கு எழுகிறார். பிற்பகல் 3 மணிக்கு வீடு சேர்ந்து, சமையலையும் பிள்ளைகளையும் கவனித்து, 7 மணிக்கு மீண்டும் புறப்படுகிறார். விடியற்காலை 4 மணிக்கு ஊசிமருந்தின் அளவைக் கணக்கிடும்போது அவர் விழித்து 22½ மணி நேரம் ஆகிவிடுகிறது.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய திறனுக்கு ஒப்பாகத் தாழ்கிறது என்பது 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் விதிக்கும் வரம்போ 30 மில்லிகிராமே. நம் செவிலியர் இரவு 10.30 மணிக்கே அந்த 17 மணி நேரத்தை எட்டிவிடுகிறார். அதன்பின் ஒரு முழு இரவு எஞ்சியிருக்கிறது. காலையில் அவரே ஸ்கூட்டர் ஓட்டி வீடு திரும்பவும் வேண்டும்.

இதற்கு மாற்று எளியது. காலை, பிற்பகல், இரவு என்ற வரிசையிலேயே முறைகள் முன்னோக்கிச் சுழலட்டும். பிற்பகல் பணியை இரவு 8 மணிக்கு முடித்தவர் மறுநாள் இரவு 8 மணிக்கு வந்தால் இடையில் 24 மணி நேரம் கிடைக்கிறது. அவர் இரவு முழுதும் உறங்கி, மறுநாள் மாலை 3 மணி முதல் 4.30 வரை மீண்டும் உறங்கினால், விடியற்காலை 4 மணிக்கு விழித்து 11½ மணி நேரமே ஆகியிருக்கும். இரவுகளையும் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் தொடரவிடாதிருப்பது நன்று.

இரவினுள்ளும் செய்யத்தக்கவை உள. இருவர் பணிபுரியும் வார்டில் ஒருவர் காவலிருக்க மற்றவர் 20 நிமிடம் உறங்கலாம். எழுந்தவுடன் சிறிது நேரம் மந்தநிலை நீடிக்குமாதலின், கால்மணி நேரம் கழித்தே மருந்தைக் கையிலெடுக்க வேண்டும். நள்ளிரவில் அருந்தும் காப்பி உதவும். அதிகாலை 3 மணிக்குப்பின் அருந்தினாலோ அது காலை உறக்கத்தைக் கெடுக்கும். ஒரே வரியை இருமுறை படிப்பதும், பார்த்த நாடித்துடிப்பைக் குறிக்குமுன் மறப்பதும் அயர்வின் அடையாளங்கள். அவ்வேளையில் மருந்தளவை மற்றொருவர் சரிபார்த்தல் கடமையாகும்.

புதிய முறைக்கு எதிர்ப்பும் எழும். அதில் நியாயமும் உண்டு. ஒரே நாளில் இருமுறை வந்துவிட்டால் ஊருக்குச் செல்ல ஒரு நாள் மிஞ்சும் எனச் செவிலியர் சிலரே பழைய முறையை விரும்புவர். அவர்களைக் கலந்தே வரிசையை அமைத்தல் வேண்டும். ஆள் பற்றாக்குறை கடுமையாக உள்ள வார்டில் எந்த அட்டவணையும் நிலைக்காது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆதலின், முதலில் ஒரே வார்டில் தொடங்குக. மாற்றத்துக்கு முன் இரண்டு வாரமும், பின் இரண்டு வாரமும், ஒவ்வொருவரும் உறங்கிய மணிகளையும், பணியில் கண் அயர்ந்த வேளைகளையும் பெயரின்றிக் குறித்து வரட்டும். குறிப்பேட்டில் உறக்கம் கூடவில்லையெனில் அட்டவணையை மீண்டும் திருத்துக; குறையைச் செவிலியரின் மனவுறுதியில் தேடற்க.