இருவர் எதற்கு? கொல்கத்தாக் கருத்தரங்குகளும் உரைபெயர்ப்பாளரின் அரைமணி நேரமும்

கொல்கத்தாவில் பன்மொழிக் கருத்தரங்கு ஒன்றின் வரவுசெலவுத் திட்டம் பல்கலைக்கழகக் குழுவின் முன் வைக்கப்படும்போது, ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழுகிறது. தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் இரண்டு உரைபெயர்ப்பாளர்கள், வங்கத்திற்கும் ஆங்கிலத்திற்கும் இரண்டு பேர் என்று பட்டியல் சொல்கிறது. "ஒரு நேரத்தில் ஒருவர்தானே பேசுகிறார், மற்றவர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எதற்குப் பணம்?" என்று நிதிப் பொறுப்பாளர் கேட்கிறார். பெரும்பாலும் அந்தக் கேள்வியே வென்று, மொழிக்கு ஒருவர் போதும் என்று முடிவாகிறது. கருத்தரங்கு நடக்கிறது, கைதட்டலோடு முடிகிறது, யாரும் குறை சொல்வதில்லை. குறை எழாததையே இம்முடிவு சரி என்பதற்குச் சான்றாகக் கொள்கிறார்கள். அந்தச் சான்று ஏன் செல்லாது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒலிகாப்புள்ள பூத்தில் அமர்ந்து, காதில் ஒரு மொழியைக் கேட்டபடி வாயால் மற்றொரு மொழியைச் சொல்வது உடனிகழ் உரைபெயர்ப்பு. இந்திய மக்களவையில் இம்முறை 1964 முதல் நடைமுறையில் உள்ளது. உலக அளவில் இதைப் பலரும் அறியச் செய்தது 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணை. அங்கே ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளுக்கு, குழுவுக்குப் பன்னிருவராக மூன்று குழுக்கள் இருந்தன. இரண்டு குழுக்கள் ஒரு நாளில் மாறிமாறிப் பணியாற்ற, மூன்றாவது குழு ஓய்வில் இருந்தது. ஒரு பணிமுறை 85 நிமிடம் நீடித்தது. ஆயினும் ஒவ்வொரு மொழி மேசையிலும் மூவர் இருந்து, மூல மொழிக்கு ஒருவராக வேலையைப் பகிர்ந்துகொண்டதால், அந்த 85 நிமிடமும் ஒருவரே இடைவிடாது பேசவில்லை. பேச்சாளர் விரைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்தவேண்டுமானால் சிவப்பு விளக்கு எரியும். முன்னனுபவம் ஏதுமின்றித் தொடங்கிய அந்த ஏற்பாட்டிலேயே, மனித மூளைக்கு இடைவேளை தேவை என்பது முதல் விதியாக இருந்தது.

அரைமணி என்ற அளவு முதலில் தொழில் அனுபவத்திலிருந்து வந்தது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியாயிற்று. பார்பரா மோசர்-மெர்சரும் இரு சக ஆய்வாளர்களும் தேர்ந்த உரைபெயர்ப்பாளர்களை, இனி முடியாது என்று அவர்களே நிறுத்தும் வரை பணியாற்றச் சொன்னார்கள். முப்பது நிமிடத்தைக் கடந்ததும் பொருட்பிழைகள் கூடத் தொடங்கின. ஆனால் அவ்வாய்வில் கவனிக்கத்தக்கது அதற்கு அடுத்த முடிவு: தம் பணியின் தரம் சரிவதைப் பிழை செய்தவர்கள் உணரவில்லை. மிகச் சிலரை மட்டும் கொண்ட முன்னோட்ட ஆய்வு அது. அதன் எண்களை இறுதியானவையாகக் கொள்ளக் கூடாது. எனினும் நடைமுறைக்கு அது தரும் பாடம் தெளிவானது. "எனக்குக் களைப்பில்லை, இன்னும் கொஞ்சம் பேசுகிறேன்" என்று உரைபெயர்ப்பாளர் சொல்வதை நம்பி மாற்றத்தைத் தள்ளிப்போட முடியாது. மாற்றத்தை உணர்வு முடிவுசெய்யக் கூடாது, கடிகாரமே முடிவுசெய்யவேண்டும்.

தமிழைப் பொறுத்தவரை இது இலக்கணத்தோடு பிணைந்த சிக்கல். நிலச் சீர்திருத்தம் பற்றிய அமர்வில் ஒரு தமிழ் ஆய்வாளர், "குத்தகைப் பதிவு கிராமப்புற வறுமையைக் கணிசமாகக் குறைத்தது என்று இந்தத் தரவுகளைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது" என்று பேசுவதாகக் கொள்வோம். வாக்கியத்தின் எதிர்மறை முழுவதும் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்பவர் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லியாகவேண்டும். களைப்பில்லாத உரைபெயர்ப்பாளர் 'என்று' என்ற சொல் வரும்வரை உறுதியான வினையைத் தராமல், நடுநிலையான ஒரு தொடக்கத்தைச் சொல்லிக் காத்திருப்பார். ஐம்பதாவது நிமிடத்தில் இருப்பவருக்கு அவ்வளவு சொற்களை நினைவில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வலு இருக்காது. "குத்தகைப் பதிவு வறுமையைக் குறைத்தது" என்று உறுதிப்பட முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்திற்குப் போய்விடுவார். குரல் தெளிவாகவே இருக்கும், வாக்கியமும் அழகாகவே முடியும். அரங்கில் இருப்போர் தலையசைப்பார்கள். ஆய்வாளரின் முடிவு தலைகீழானதை இரு மொழியும் அறிந்து, இரண்டையும் ஒருங்கே கேட்டவர் மட்டுமே அறிவார். அப்படி ஒருவர் அரங்கில் அநேகமாக இருப்பதில்லை. குறை எழாததன் காரணம் இதுதான்.

கொல்கத்தாவில் இப்பிழை அடுத்த மொழிக்கும் தாவுகிறது. தமிழிலிருந்து நேரே வங்கத்திற்கு உரைபெயர்க்கக் கூடியவர்கள் அரிது. ஆகவே தமிழ் பூத் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு, வங்க பூத் வங்கத்தில் சொல்கிறது. இதை ரிலே என்பார்கள். தமிழும் வங்கமும் வினையை இறுதியில் வைக்கும் மொழிகள். நேரே பெயர்த்தால் வாக்கியத்தின் போக்கு ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஆங்கிலத்தின் வழியே போவதால் அது இரண்டு முறை புரட்டப்படுகிறது. முதல் பூத்தில் தொலைந்த 'முடியாது' இரண்டாவது பூத்தில் திரும்பி வர வழியே இல்லை.

இனி அட்டவணைக்கு வருவோம். மூன்று நாள் கருத்தரங்கு; தமிழ், வங்கம், ஆங்கிலம்; பூத்துக்கு இருவராக நால்வர். காலை 10:00 முதல் 1:00 வரை, பிற்பகல் 2:30 முதல் 5:30 வரை, நடுவே ஒன்றரை மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேர அமர்வுகள் என்பது இத்தொழிலில் ஏற்கப்பட்ட அளவு. தேநீர் இடைவேளைகளைக் கழித்தால் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஒலிவாங்கியில் பேசுவார். தமிழ் பூத்தில் 10:00, 10:30, 11:00 என்று ஆள் மாறட்டும். வங்க பூத்திலும் அதே நேரத்தில் மாற்றினால், ரிலே நடக்கும்போது இரு குரல்களும் ஒரே நொடியில் மாறி, கேட்பவர் தொடர்பை இழப்பார். ஆகவே வங்க பூத்தின் முதல் முறையைக் கால் மணி நேரமாக்கி, 10:15, 10:45, 11:15 என்று தள்ளி வைப்பது நல்லது. ஒரு பூத்தில் புதியவர் தொடங்கும்போது மற்றதில் இருப்பவர் பேச்சோட்டத்தில் நிலைபெற்றிருப்பார்.

மாற்றம் நடுவாக்கியத்தில் நிகழக் கூடாது. நேரம் நெருங்கும்போது அடுத்தவர் காதணியை மாட்டி, ஓரிரு நிமிடம் பேச்சைக் கேட்டு, கையால் சைகை காட்டி, பேச்சாளர் ஒரு கருத்தை முடிக்கும் இடத்தில் ஒலிவாங்கியை வாங்கிக்கொள்வார். கட்டுரைக்கு இருபது நிமிடம், விவாதத்திற்குப் பத்து நிமிடம் என்று நிகழ்ச்சிநிரலை அமைத்தால் அமர்வின் எல்லையும் பணிமுறையின் எல்லையும் தாமே பொருந்திவிடும். ஒரு கட்டுரைக்கு ஒருவர் பொறுப்பேற்று, அதன் கலைச்சொற்களை முன்கூட்டிப் படித்து வரவும் இயலும். ஒரு மணி நேரச் சிறப்புரையை மட்டும் நடுவில் கைமாற்றியே ஆகவேண்டும்.

பேசாதிருக்கும் மற்றவர் சும்மா இருப்பதில்லை என்பதை நிதிக் குழுவுக்குத் தனியே விளக்கவேண்டியிருக்கிறது. ஆண்டுகள், விழுக்காடுகள், ஊர்ப்பெயர்கள் ஆகியவையே முதலில் உதிர்பவை. 'பதினேழு இலட்சத்து நாற்பதாயிரம்' என்று காதில் விழும்போது வாக்கியத்தை வாயில் வைத்திருப்பவரால் அதைப் பிடிக்க முடியாமல் போகலாம். அருகிலிருப்பவர் தாளில் எழுதிக் காட்டுவார். படித்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் எந்தப் பக்கம் என்று விரல் வைப்பார். சொல்லைத் தேடித் தருவார். துணையின் குரல் ஒரே சுரத்தில் தட்டையாவதையும், பேச்சாளருக்குப் பின்னால் அவர் வெகுதூரம் பிந்துவதையும், 'ஆனால்', 'எனினும்' போன்ற இணைப்புச் சொற்கள் மறைவதையும் கவனித்து, நேரத்திற்கு முன்பே ஒலிவாங்கியை வாங்கிக்கொள்வதும் அவர் வேலை. தன் சரிவைத் தான் அறிய முடியாத தொழிலில், அதை அறியும் காது அருகில் இருக்கும் துணையுடையது.

ஆகவே பூத்தில் கழியும் அந்த அரைமணி உண்மையான ஓய்வன்று. உண்மையான ஓய்வு மதிய இடைவேளையில் கிடைக்கவேண்டும். கொல்கத்தா விருந்தோம்பல் இங்கே அறியாமல் தீங்கு செய்கிறது. உணவு மேசையில் விருந்தினருக்கும் உள்ளூர்ப் பேராசிரியருக்கும் நடுவே உரைபெயர்ப்பாளரை அமர்த்தி, "இவர் என்ன சொல்கிறார் என்று கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார்கள். மாலைக் கலைநிகழ்ச்சியிலும் அதே நால்வரே ஒலிவாங்கியைப் பிடிப்பார்கள். சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ விடியற்கால விமானத்தில் வந்து பத்து மணிக்குப் பூத்தில் அமர்பவரும் உண்டு. வாடகைப் பூத் அரங்கின் பின்மூலையில், மேடை தெரியாத தூணுக்குப் பின்னால், காற்றோட்டமின்றி நிற்கும். மூடிய சிறு பெட்டியில் இருவர் மூச்சுவிடும்போது கரியமில வாயு ஏறி மந்தம் கூடும். ஆடி ஆவணிப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். அட்டவணை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இவை அதைத் தின்றுவிடும்.

நாள் நீளும்போது ஏற்பாடும் மாறவேண்டும். பல கருத்தரங்குகள் காலை 9:30க்குத் தொடங்கி, முக்கால் மணி நேர மதிய இடைவேளையோடும் இரண்டு கால் மணி நேரத் தேநீர் இடைவேளைகளோடும் மாலை 6:30 வரை போகின்றன. கூட்டிப் பார்த்தால் 7 மணி 45 நிமிடப் பேச்சு. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு நான்கு மணி நேரத்தை நெருங்குகிறது. அதையே மூன்று நாளும் தொடரவேண்டும். மூன்றாமவர் சேர்ந்தால் ஆளுக்கு 2 மணி 35 நிமிடம். அரைமணி பேசி, அடுத்த அரைமணி துணையிருந்து, அதற்கடுத்த அரைமணி பூத்தை விட்டு வெளியே போகலாம். ஐக்கிய நாடுகள் அவையில் அரபு, சீன பூத்துகளில் இருவழியும் பெயர்க்கவேண்டியிருப்பதால் மூவர் அமர்கிறார்கள். கொல்கத்தாவின் தமிழ், வங்க பூத்துகளும் இருவழிப் பூத்துகளே. மூவருக்குப் பணம் இல்லையென்றால், நேர்மையான வழி அமர்வுகளைக் குறைப்பது.

பிஸ்வ பங்களா மையத்தில் நடக்கும் பெருமாநாட்டுக்கும் கல்லூரித் தெருவின் ஒரு துறைக் கருத்தரங்குக்கும் இந்தக் கணக்கு ஒன்றே. செய்யவேண்டியது சிறியது: நிகழ்ச்சிநிரல் அச்சுக்குப் போகும் முன்பே உரைபெயர்ப்பாளர் அட்டவணை எழுதப்படவேண்டும், கட்டுரைகள் ஒரு வாரம் முன்னதாக அவர்களுக்குச் சேரவேண்டும், அமர்வுத் தலைவரின் கையில் மாற்ற நேரங்கள் இருக்கவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு இரண்டாவது உரைபெயர்ப்பாளரின் ஊதியம் மட்டுமே. அதை மிச்சப்படுத்தினால், சொந்த மொழியில் பேச அழைக்கப்பட்ட ஆய்வாளர் தாம் சொன்னதற்கு நேர்மாறானது வங்க அவையில் தம் பெயரில் பதிவாயிற்று என்பதை அறியாமலே ஊர் திரும்புவார்.