முதல் மாத்திரைக்கு முன்பே கேளுங்கள்: எங்கள் நிலைப்பாடு

ஹார்மோன் தொடங்க வரும் ஒவ்வொரு திருநங்கையிடமும் திருநம்பியிடமும், பிற்காலத்தில் சொந்தக் குழந்தை வேண்டுமா என்று மருத்துவர் முதலிலேயே கேட்க வேண்டும். வேண்டும் என்றாலோ, இன்னும் தெரியவில்லை என்றாலோ, விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிக்கும் வழியையும் செலவையும் சொல்லிவிட வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் எங்களிடம் வரும் திருநங்கையர் பலர் மருத்துவரைப் பார்த்துத் தொடங்கியவர்கள் அல்லர். கைப்பையில் 21 மாத்திரை கொண்ட கருத்தடை அட்டை இருக்கும். நாளுக்கு எத்தனை என்பது தோழி சொன்ன கணக்கு. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் என்பதே பலருக்குத் தெரியாது. குழந்தைப் பேச்சு எங்கே எழும்?

ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் விந்தகத்துக்கு மூளை அனுப்பும் கட்டளை அடங்குகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், குறைவு ஒரே நாளில் தெரியாது. வெளித் தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. விந்துப் பரிசோதனைதான் சொல்லும். மருந்தை நிறுத்தினால் சிலருக்குச் சில மாதங்களில் உற்பத்தி திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. விந்தகத்தை அகற்றியபின் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தொடங்குமுன் சேமிப்பது எளிது. சில நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை நடக்கும். பிறகு திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். உருக்கும்போது ஒரு பகுதி அழியும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி நல்லது. இறுக்கமாகக் கட்டி மறைக்கும் பழக்கம் விந்தணுவைக் குறைக்கும். கூச்சப்படாமல் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திருநம்பியர் பாடு கடினம். ஏறத்தாழ இரண்டு வாரம் ஊசி, பிறப்புறுப்பு வழியே ஸ்கேன், மயக்க மருந்து கொடுத்து ஊசியால் முட்டை எடுப்பு. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் மாதவிடாயை நிறுத்தினாலும் கருமுட்டைகளை அழித்துவிடுவதில்லை. கேரளத்தின் கோழிக்கோட்டில் ஹார்மோன் சிகிச்சையை நிறுத்தி வைத்துக் கருவுற்ற திருநம்பி சஹத், 2023 பிப்ரவரியில் குழந்தை பெற்றார். அவருக்குக் கருப்பை அகற்றப்படவில்லை. இதைக் காட்டி, 'நிறுத்தினால் போதும்' என்று திருநங்கையரிடமும் சொல்வது தவறு. டெஸ்டோஸ்டிரோனைக் கருத்தடையாக நம்புவதும் தவறு.

மலேசியாவின் தடையையும் மறைக்க மாட்டோம். மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி, செயற்கைக் கருத்தரிப்பைச் சட்டப்படி மணமான தம்பதியருக்கே அனுமதிக்கிறது. ஆகவே சேமித்ததை இங்கே பயன்படுத்த முடியும் என்று எவரும் உறுதி தர முடியாது. பணம் கட்டுமுன், யார், எப்போது, எந்த நிலையில் பயன்படுத்தலாம், நீங்கள் இறந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேமிப்பை மணமாகாதவருக்கும் மறுக்கக் கூடாது, பயன்பாட்டு விதியை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பவை எங்கள் கோரிக்கைகள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். குழந்தை எண்ணம் இருந்தால், விந்தக அறுவைக்கு நாள் குறிக்குமுன் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.